கறுத்த எண்ணெய்க்கு மேலே புது எண்ணெய் ஊற்றாதீர்கள்

போன மாதம் இணுவில் பக்கம் ஒரு கலியாணச் சமையலுக்குப் போயிருந்தேன். கூட வந்த தம்பி நல்ல வேலைகாரன். ஆனால் வடைத் தாச்சிக்கு முன்னால் நின்று, நான் தொழில் பழகின காலத்தில் செய்த அதே பிழையைச் செய்யப் போனான். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதவேண்டும் என்று தோன்றியது. மாவில் தண்ணீர் கூடுவது, உப்பு மறப்பது எல்லாம் ஒரு நாள் பட்டால் தெரிந்துவிடும். அவற்றை விடுகிறேன்.

பலகாரச் சூட்டு எண்ணெயைக் கலியாண நாளுக்கு வைப்பது

நாலு நாளுக்கு முன் அந்த வீட்டில் பலகாரம் சுட்டிருந்தார்கள். முறுக்கு, பயத்தம் பணியாரம், சீனி அரியதரம் எல்லாம் ஒரே எண்ணெயில். மிஞ்சின எண்ணெய் ஒன்பது லீற்றர் அளவில், வடைக்கென்று மூடி வைத்திருந்தது. வீட்டுக்காரரில் பிழை சொல்ல முடியாது. அவ்வளவு எண்ணெயைக் கொட்டிவிட யாருக்குத்தான் மனம் வரும்?

நான் விடிய நாலு மணிக்குப் போய் ஒரு கரண்டி எடுத்து வெள்ளைப் பீங்கானில் விட்டுப் பார்த்தேன். பிளேன்ரீ நிறம். நிறத்தை மட்டும் வைத்து எண்ணெயைத் தள்ளக்கூடாது. மிளகாய்த்தூளும் மஞ்சளும் விழுந்தாலும் எண்ணெய் சிவக்கும், அதனால் எண்ணெய் கெட்டதாகாது. ஆகவே அரை லீற்றரைச் சின்னத் தாச்சியில் சூடாக்கி, வடை மாவில் ஒரு கிள்ளுப் போட்டேன். நல்ல எண்ணெய் என்றால் பெரிய குமிழ் வந்து உடனே உடையும், மாவும் கொஞ்ச நேரத்தில் மிதக்கும். இதிலோ மாவு அடியில் கிடக்கும்போதே புகை வந்துவிட்டது. மாவைச் சுற்றிப் பொடிப் பொடியாக மஞ்சள் நுரை எழும்பி, பால் பொங்குவதுபோல ஏறி, அடங்காமல் நின்றது. அகப்பையைத் தூக்கிப் பிடித்தால் எண்ணெய் பாகுபோலத் தடித்து இறங்கியது. காறல் மணமும் இருந்தது.

நிறம், புகை, நுரை, தடிப்பு நான்கும் சேர்ந்து வந்தால் யோசிக்கத் தேவையில்லை. நிறம் மட்டும் என்றால் வடித்துப் பாவிக்கலாம். பொங்காத, புகையாத எண்ணெயை நான் கொட்டச் சொல்வதில்லை.

மேலே ரெண்டு லீற்றர் ஊற்றிச் சரிக்கட்டுவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதற்குத்தான்.

"அண்ணை, மேலே ரெண்டு லீற்றர் புதுசு விட்டா நிறம் வந்திடும்" என்றான் தம்பி.

"நிறம் வரும் தம்பி. எண்ணெய் வராது."

கணக்கைப் பாருங்கள். ஒன்பது லீற்றர் பழையதோடு ரெண்டு லீற்றர் புதியது சேர்த்தால் பதினொன்றில் ஒன்பது பழையதுதான். பொரிக்கப் பொரிக்க மாவின் தண்ணீரும் காற்றும் சூடும் சேர்ந்து எண்ணெயை உடைக்கின்றன. உடைந்த பாகம் குறைந்த சூட்டிலேயே புகைகிறது. இன்னொரு பாகம் ஒன்றோடொன்று ஒட்டித் தடித்துப் பசையாகிறது. தாச்சி விளிம்பில் மண்ணிறமாக, சுரண்டினாலும் போகாமல் ஒட்டிக் கிடப்பது அந்தப் பசைதான். இது கரைந்து கிடக்கும் கழிவு. சீலையில் வடித்தால் கருகின தூள் மட்டும் போகும், இது போகாது. புதிய எண்ணெயையும் இது சீக்கிரம் பழுதாக்கும். புளித் துண்டு போட்டால் நுரை கொஞ்சம் அடங்கலாம், எண்ணெய் பழையபடி ஆகாது.

அதில் சுட்டால் என்ன நடக்கும்? புகைகிறதே என்று அடுப்பைக் குறைப்பீர்கள். சூடு குறைந்தால் வடை எண்ணெய் குடிக்கும். கெட்ட எண்ணெய் வெளிப்புறத்தைச் சீக்கிரம் கறுக்க வைக்கும் என்பதால், நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டதென்று எடுப்பீர்கள். உள்ளே பச்சை மாவாக இருக்கும்.

நான் முதன்முதல் தலைமையாக நின்ற கலியாணத்தில் இப்படி மூன்று தரம் மேலே ஊற்றினேன். பழையது தேங்காயெண்ணெய். ஊற்றினது வேறு மரக்கறி எண்ணெய். தேங்காயெண்ணெயோடு மற்றதைக் கலந்தாலே நுரை கூடும், அது எனக்கு அப்போது தெரியாது. கடைசி ஈட்டில் நுரை விளிம்பைத் தாண்டி விறகு அடுப்பில் விழுந்து தீப் பிடித்தது. ஒரு பொடியன் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தான். ஊற்றியிருந்தால் எல்லாரும் வெந்திருப்போம். பெரியவர் ஒருவர் அவனை மறித்து, கிடாரத்து மூடியால் தாச்சியை மூடினார். அடுப்புப் பக்கம் நின்ற பிள்ளையின் முழங்கை கொப்பளித்துப் போனது. அந்தக் கையை நான் மறக்கவில்லை. கறுத்த எண்ணெய் விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் நிற்பது அதனால்தான்.

இணுவில் கலியாணத்தில் பொம்பிளையின் பெரியப்பா வந்து, "இவ்வளவு எண்ணெயையும் வீணாக்கிறதோ?" என்று கேட்டார்.

"ஐயா, நானூறு பேருக்கு ஐநூறு வடை. இதில சுட்டா முதல் நூறு ஒரு மாதிரி வரும், மிச்சத்தை நீங்களே பந்தியில வைக்க விடமாட்டியள்" என்றேன். பீங்கானையும், கிள்ளிப் போட்ட மாவையும் காட்டினேன். அவர் மாவைப் பிய்த்து மணந்து பார்த்துவிட்டு, சரி என்றார்.

அந்த நேரம் கடை திறக்காது. கறிக்கென்று வந்திருந்த பத்து லீற்றர் புது எண்ணெயை வடைக்கு எடுத்தேன். கடை திறந்ததும் கறிக்கு வாங்கிவர ஆள் சொல்லி வைத்தேன். தம்பி தாச்சியைத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் முழுக்கப் போக்கினான். ஈரத் தாச்சியில் எண்ணெய் விட்டால் சூடேறும்போது வெடிக்கும். மூன்று வடை போட்டுச் சூடு பார்த்த பிறகு, ஈட்டுக்கு இருபத்தைந்தாக இருபது ஈடு. ஒரு ஈட்டுக்கு நாலு நிமிடம் அளவில் போனது. ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் விழுந்த தூளைக் கண்ணகப்பையால் அள்ளினோம். தூள் கிடந்து கருகினால் புது எண்ணெயும் அன்றைக்கே கறுத்துவிடும். கடைசி ஈட்டிலும் தாச்சியின் அடி தெரிந்தது.

இனிப்பை முதலில் பொரிப்பது

முறுக்கு முதலில், பயத்தம் பணியாரமும் அரியதரமும் கடைசியில். சீனி கருகினால் எண்ணெய் திரும்பாது.

மோர்மிளகாயை வடைத் தாச்சியில் போடுவது

உப்பும் காரமும் எண்ணெயில் இறங்கும். சின்னத் தாச்சி ஒன்று தனியாக வையுங்கள்.

பித்தளைப் பாத்திரத்தில் எண்ணெய் வைப்பது

வேண்டாம். செம்பு சேர்ந்த உலோகம் எண்ணெயைச் சீக்கிரம் காறவைக்கும்.

சுடச்சுட எண்ணெயைத் தூக்கிப் போவது

எவ்வளவு அவசரமென்றாலும் தாச்சியை இறக்காதீர்கள். அடுப்பை நிறுத்தி ஆறவிடுங்கள், புதுசுக்கு வேறு தாச்சி எடுங்கள். பொரிப்பதற்கு எப்போதும் ரெண்டு தாச்சி கேட்டு வாங்குவது இதற்காகத்தான்.

பழையதைத் தாளிக்க எடுத்து வைப்பது

அதே கெட்ட எண்ணெய்தான் கறிக்குள்ளும் போகும். கானுக்குள்ளும் ஊற்றாதீர்கள், உறைந்து அடைக்கும். அன்றைக்கு அந்த ஒன்பது லீற்றரையும் வேறு அண்டாவில் விட்டு அடுப்புச் சாம்பலைக் கொட்டிக் கலக்கினேன். பார்த்துக்கொண்டு நின்ற ஒரு மாமி, "ஐயோ, சாம்பலைப் போட்டிட்டியளே" என்றா. போடாவிட்டால் பின்னேரம் யாராவது அதில் அப்பளம் பொரித்திருப்பார்கள்.