தேடி வந்தவர் எங்கே போனார், பரிந்துரையில் வந்தவர் எங்கே போனார்: ஒரே ரிடென்ஷன் கோட்டை இரண்டாகப் பிரிப்பது எப்படி

யூடியூப் ஸ்டுடியோவில் ஒரு வீடியோவைத் திறந்தால், ஒவ்வொரு நொடியிலும் எத்தனை சதவீதம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு கோடு தெரியும். அந்த ரிடென்ஷன் கோடு ஒரு கலவை. தேடி வந்தவர், வேறு வீடியோவின் பக்கத்தில் பார்த்து கிளிக் செய்தவர், முகப்பில் கண்ணில் பட்டதால் வந்தவர் என்று எல்லோரையும் சேர்த்துப் போட்ட சராசரிதான் அது. முதல் அரை நிமிடத்தில் கோடு விழுகிறது என்றால் யார் போனார்கள் என்று அதிலிருந்து தெரியாது. அது தெரியாமல் வீடியோவைத் திருத்தப் போனால், ஒரு கூட்டத்துக்குப் பிடித்ததை வெட்டி இன்னொரு கூட்டத்தைக் காப்பாற்றப் பார்ப்போம்.

ஒரு எடுத்துக்காட்டை வைத்தே முழுவதையும் பார்த்துவிடலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. எட்டு நிமிட எக்செல் வீடியோ, தலைப்பு "VLOOKUP-ல் #N/A வருகிறதா? சரிசெய்வது இப்படி". முதல் 1:40 வரை, அட்டவணையில் ஒரு மதிப்பைத் தேடியெடுக்கும் VLOOKUP சூத்திரம் என்றால் என்ன என்ற அறிமுகம். அதற்கப்புறம் 5:30 வரை, தேடியது கிடைக்காதபோது வரும் #N/A பிழைக்கான மூன்று காரணங்கள்: செல்லில் ஒளிந்திருக்கும் கூடுதல் இடைவெளி, எழுத்தாகச் சேமிக்கப்பட்ட எண், தேடும் பத்தி அட்டவணையின் இடது ஓரத்தில் இல்லாதது. மீதி நேரம் VLOOKUP-க்குப் புதிய மாற்றான XLOOKUP பற்றி.

1. முதலில் சராசரியைப் பாருங்கள், ஆனால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்

வீடியோவின் Analytics பக்கத்தில் `Advanced mode`-க்குப் போய், பார்வையாளர் எந்த வழியில் வந்தார் என்று காட்டும் `Traffic source`-ஐத் தேர்ந்தெடுங்கள். `YouTube search`, `Suggested videos` என்ற இரண்டு வரிகளுக்கும் எதிரே `Average view duration`, `Average percentage viewed` இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் தேடலுக்கு 36%, பரிந்துரைக்கு 34%. நேரத்தில் சொன்னால் 2:53, 2:43. வித்தியாசமே இல்லை என்று தோன்றும், பலரும் இங்கேயே விட்டுவிடுவார்கள்.

ஆனால் சராசரி என்பது கோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்பு மட்டும்தான். தொடக்கத்திலேயே பாதிப் பேர் போய் மிச்சமானவர்கள் கடைசி வரை இருந்தாலும், பெரும்பாலோர் நடுவரை இருந்து ஒன்றாக எழுந்து போனாலும் பரப்பு ஒன்றாக வரலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால் கோட்டின் வடிவம்தான் வேண்டும்.

2. இரண்டு காலங்களைத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் திரையில் ரிடென்ஷன் வரைபடத்தையே `Traffic source` வாரியாக வடிகட்ட வசதி தெரிந்தால் அதையே பயன்படுத்திக்கொண்டு நேராக நான்காவது படிக்குப் போய்விடலாம். இல்லையென்றாலும் வழி இருக்கிறது, அதற்குத் தேவை ஒரே வீடியோவின் இரண்டு வெவ்வேறு காலங்கள்: ஒன்றில் பரிந்துரை வருகை ஓங்கியிருக்க வேண்டும், மற்றொன்றில் தேடல் வருகை ஓங்கியிருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட காலங்கள் கிடைப்பது அரிதில்லை. சிக்கல் தீர்க்கும் வகை வீடியோவுக்கு ஒரு கட்டத்தில் பரிந்துரை அலை வந்து அடங்கும், தேடல் மட்டும் மாதக்கணக்கில் நிதானமாக வந்துகொண்டிருக்கும். `Traffic source` வரைபடத்தை நாள்வாரியாகப் பார்த்தால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் தெரியும். அதற்கு முன்னால் ஒரு காலம், பின்னால் ஒரு காலம் எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வெளித்தளம் போன்ற மற்ற மூலங்கள் இரண்டு காலத்திலும் மிகக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு கலங்கிவிடும்.

நம் எடுத்துக்காட்டில் முதல் காலத்தில் இந்த இரண்டு மூலங்களின் பார்வைகளில் தேடலின் பங்கு 30%, பரிந்துரையின் பங்கு 70%. இரண்டாம் காலத்தில் தேடல் 80%, பரிந்துரை 20%.

3. கோட்டைப் பிரியுங்கள்

தேதியை முதல் காலத்துக்கு மாற்றி, ரிடென்ஷன் கோட்டின் மேல் மவுஸை வைத்து சில இடங்களின் சதவீதத்தை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் காலத்துக்கும் அதே இடங்கள். எந்த இடங்கள் என்பதை வீடியோவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்: 0:30 கட்டாயம், அப்புறம் பேச்சு ஒரு விஷயத்திலிருந்து அடுத்ததற்கு மாறும் இடங்களின் முன்னும் பின்னும்.

அடிப்படை எளிமையானது. முதல் காலத்தில் நீங்கள் பார்க்கும் சதவீதம் என்பது தேடல் கோட்டில் 0.3 பங்கும் பரிந்துரைக் கோட்டில் 0.7 பங்கும் சேர்ந்தது, இரண்டாம் காலத்தில் 0.8 பங்கும் 0.2 பங்கும். தெரியாத எண்கள் இரண்டு, சமன்பாடுகளும் இரண்டு, பள்ளியில் போட்ட கணக்குதான். ஷீட்டில் A பத்தியில் நேரம், B-யில் முதல் காலம், C-யில் இரண்டாம் காலம், F1-ல் 0.3, F2-ல் 0.8 என்று வையுங்கள். D பத்தியில் தேடலுக்கு:

```
=(C2*(1-$F$1)-B2*(1-$F$2))/($F$2-$F$1)
```

E பத்தியில் பரிந்துரைக்கு:

```
=(B2*$F$2-C2*$F$1)/($F$2-$F$1)
```

நமக்கு வந்தது இது:

| நேரம் | முதல் காலம் | இரண்டாம் காலம் | தேடல் | பரிந்துரை |
|---|---|---|---|---|
| 0:30 | 62 | 52 | 48 | 68 |
| 1:00 | 54 | 44 | 40 | 60 |
| 2:00 | 52 | 47 | 45 | 55 |
| 5:00 | 22 | 32 | 36 | 16 |

இதை அப்படியே நம்புவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு, தயவுசெய்து தவிர்க்காதீர்கள். பிரித்தெடுத்த கோட்டின் சராசரி உயரம், முதல் படியில் குறித்த `Average percentage viewed`-க்கு அருகில் வர வேண்டும். நாலைந்து புள்ளிகள் போதாது, இருபது முப்பது புள்ளிகளாவது சம இடைவெளியில் எடுத்தால்தான் இந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு. தேடலுக்கு 36-க்குப் பக்கத்தில் வருகிறதா, நல்லது. 50 வந்தால் எங்கோ பிசகியிருக்கிறது.

பெரும்பாலும் பிசகுவது இரண்டு இடத்தில். ஒன்று, பங்குகள் போதிய அளவு விலகியிருக்காது. சூத்திரத்தில் F2-லிருந்து F1-ஐக் கழித்து வரும் எண்ணால் வகுக்கிறோம், கவனித்தீர்களா? நமக்கு அது 0.5, அதாவது சின்னத் தவறுகள் இரண்டு மடங்கு பெருகும். பங்குகள் 45%, 55% என்றிருந்தால் பத்து மடங்கு பெருகும், அப்போது வருவது கோடே இல்லை, வெறும் இரைச்சல். மைனஸ் எண் வந்தால் அதுதான் அடையாளம். இரண்டாவது, காலங்களுக்கு நடுவில் நீங்களே தலைப்பையோ சிறுபடத்தையோ மாற்றியிருப்பீர்கள். அப்போது முதல் காலத்தில் தேடி வந்தவரும் இரண்டாம் காலத்தில் தேடி வந்தவரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை, கணக்கின் அடித்தளமே போய்விடுகிறது.

4. வடிவத்தைப் படியுங்கள்

தேடல் பத்தியைப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். 1:00-ல் 40-க்கு இறங்கி, 2:00-ல் 45-க்கு ஏறுகிறது. போனவர் திரும்பி வந்தாரா? இல்லை, இவர்கள் அறிமுகத்தைத் தள்ளிவிட்டு 1:40-க்குத் தாவியவர்கள். ரிடென்ஷன் கோடு அந்தந்த நொடி எத்தனை முறை பார்க்கப்பட்டது என்றுதான் எண்ணுகிறது, அதனால் இடையில் பள்ளமும் பிறகு மேடும் வருவது பெரும்பாலும் தாவலின் தடயம். இருந்துவிட்டவர்களோ 5:00 வரை அசையவில்லை என்றே சொல்லலாம். ஆக வீடியோவின் பொருள் அவர்களுக்குச் சரியாகப் பொருந்துகிறது, தொடக்கம்தான் பொருந்தவில்லை. #N/A என்று தட்டித் தேடியவருக்கு VLOOKUP என்றால் என்ன என்று தெரியும்.

பரிந்துரையில் வந்தவர்கள் நேர்மாறு. அறிமுகத்தை உட்கார்ந்து கேட்கிறார்கள், பிழைப் பகுதிக்குள் நுழைந்ததும் 55-லிருந்து 16-க்கு விழுகிறார்கள். இவர்கள் எதை எதிர்பார்த்து வந்தார்கள் என்று தெரிய `Traffic source`-ல் `Suggested videos` வரியைத் திறந்து, எந்தெந்த வீடியோக்களிலிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். அங்கே தொடக்கநிலை எக்செல் பாடங்களாக இருந்தால் விஷயம் விளங்கிவிட்டது: அவர்கள் அடுத்த பாடம் என்று நினைத்து வந்தவர்கள். அந்தப் பட்டியலில் உங்கள் சொந்த வீடியோக்கள் நிறைய இருந்தால் கவனம். உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்கள் பொறுமையாகப் பார்ப்பார்கள், அது பரிந்துரைக் கோட்டை உயர்த்திக் காட்டும். விளக்கக் குறிப்பில் உள்ள இணைப்பு வழியாக வந்தவர்களும் இதே வரியில்தான் சேர்கிறார்கள்.

தேடல் பக்கம் `YouTube search` வரியைத் திறந்து தேடிய சொற்களையும் பாருங்கள். "vlookup" என்ற ஒற்றைச் சொல் முதலிடத்தில் இருந்தால் நான் மேலே சொன்ன விளக்கம் பொருந்தாது, அவர்களுக்கு அறிமுகம் வேண்டியிருக்கலாம்.

ஒன்றை மட்டும் பொருத்தமின்மை என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். தேடல் கோடு ஒரு தீர்வு சொல்லி முடித்த இடத்தில் சட்டென்று விழுந்தால் அவருக்கு விடை கிடைத்துவிட்டது, எக்செலுக்குத் திரும்பிவிட்டார். விடைக்கு முன்னால் விழுவதுதான் கவலைக்குரியது.

5. எதை மாற்றுவது

அறிமுகத்தை வெட்டினால் தேடி வந்தவர் நிற்பார், பரிந்துரையில் வந்தவருக்குப் பிடித்த பகுதி போய்விடும். இந்த வீடியோவுக்கு நான் தேடல் பக்கமே நிற்பேன், ஏனென்றால் வீடியோவின் பொருள் அவர்களுடையது. ஸ்டுடியோவின் `Editor`-ல் அந்த 1:40-ஐ நறுக்கலாம், வீடியோவின் முகவரியும் பார்வை எண்ணிக்கையும் மாறாது. நறுக்கிய பிறகு மூன்று காரணங்களுக்கும் சாப்டர் போடுங்கள். முதல் நேரக்குறி `00:00` ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிகள் வேண்டும், ஒவ்வொன்றும் பத்து நொடியாவது நீள வேண்டும்.

பரிந்துரைக் கூட்டத்துக்கு இரண்டு வேலை. சிறுபடத்தில் VLOOKUP என்று மட்டும் பெரிதாக இருந்தால் அது பாடம் போலத்தான் தெரியும், #N/A-வைப் பெரிதாகப் போடுங்கள். பரிந்துரையில் கிளிக் விகிதம் குறையலாம், குறையட்டும், தவறான எதிர்பார்ப்போடு வருகிறவர்கள்தான் குறைகிறார்கள். அப்புறம் நறுக்கிய அறிமுகத்தை விரித்து "VLOOKUP முதல் பாடம்" என்று தனி வீடியோவாக்கி, இங்கிருந்து அதற்கு இணைப்பு கொடுங்கள்.

மாற்றிய அன்றைய தேதியைக் குறித்து வையுங்கள், மறுநாளிலிருந்து புதிய காலமாகக் கொள்ளுங்கள். ரிடென்ஷன் தரவு வந்து சேர ஓரிரு நாள் ஆகும். வீடியோ இப்போது 6:20 நீளம்தான் என்பதால் பழைய சதவீதங்களோடு நேர் ஒப்பீடு செய்யாமல், 0:30-ல் எத்தனை பேர் இருக்கிறார்கள், முதல் காரணம் சொல்லி முடியும்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற இரண்டை மட்டும் ஒப்பிடுங்கள். தேடல் பங்கு ஓங்கிய இரண்டாம் காலத்தில் 0:30-ல் 52 இருந்தது. தேடல் பங்கு அதே 80% அளவில் இருக்கும் புதிய காலத்தில் அது உயரவில்லை என்றால் குற்றம் அறிமுகத்தில் இல்லை, அடுத்து பார்க்க வேண்டியது தேடல் சொற்களும் தலைப்பும்.