செத்தவீட்டுப் படலையைத் தாண்டியதும்

யாழ்ப்பாணத்தில் செத்தவீட்டுக்குள் போகும்போது 'வணக்கம்', 'சுகமோ' என்று தொடங்குவதில்லை. வீட்டுக்காரரும் 'வாங்கோ' சொல்வதில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் தயங்குகிறவர்களுக்கு இந்த வழக்கமே பெரிய உதவி.

தகப்பனை இழந்த நண்பரிடம் போகிறீர்கள் என்று வையுங்கள். நேரே அவரிடம் போய் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். அவராகக் கையைத் தளர்த்தும்வரை அப்படியே நில்லுங்கள். பின்னால் ஆட்கள் வந்தால் விலகிப் பந்தலில் ஒரு கதிரையில் இருங்கள். ஏதாவது சொல்லத்தான் வேண்டுமென்றால், இறந்தவரோடு உங்களுக்கிருந்த உறவைச் சொல்லும் ஒரு வசனம் போதும்: "ஐயா என்னிலை நல்ல பட்சம், தம்பி."

பெண்கள் உள்ளே போய்க் கட்டிப்பிடித்து அழுவார்கள். அழுகை வராவிட்டால் வரவழைக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக் கொடுங்கள்.

"எப்படி நடந்தது?" என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். வந்த எல்லோருக்கும் அதையே சொல்லிக் களைத்திருப்பார். பந்தலில் இருக்கும் சொந்தக்காரரிடம் மெதுவாகக் கேட்கலாம். "வயது போனதுதானே" என்பதும் வேண்டாம், தொண்ணூறு வயதென்றாலும் அவருக்கு அது அப்பா.

அப்புறம், வெளிக்கிடும்போது 'போயிட்டு வாறன்' சொல்லாமல் எழும்பிப் போவதுதான் முறை.