கம்பெனி நிஜம்தான், ஆள் நிஜமா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலையில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். போன வாரம் ஒரு பையன் போனை நீட்டி, "அண்ணே, இது உண்மையான்னு பாருங்க" என்றான். தெரியாத நம்பர். "குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை, சம்பளம் 24,000, சாப்பாடும் பஸ்ஸும் இலவசம். ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், ஒரு செல்ஃபி அனுப்பவும்." கம்பெனி பெயர் எங்கும் இல்லை. ஏதாவது அனுப்பினாயா என்று கேட்டேன். "ஆதார் மட்டும்தாண்ணே."

வேலை தேடி அலைந்த காலத்தில் நானும் இதே "மட்டும்தான்" சொன்னவன். எழுதும்போதே கொஞ்சம் கோபம் வந்தால் அது என் மீதும் சேர்த்துத்தான். பணம் கட்டச் சொன்னால் கட்டாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன். நாம் செய்யும் மற்ற தப்புகளைச் சொல்கிறேன்.

பெயர் இல்லாததாலேயே மோசடி என்று முடிவுகட்டுவது

எங்களைப் போன்ற கன்சல்டன்சிக்காரர்கள் முதல் மெசேஜில் கம்பெனி பெயரைப் பெரும்பாலும் போடமாட்டோம். போட்டால் நீங்கள் நேராகக் கம்பெனி கேட்டுக்குப் போய் நிற்பீர்கள், எங்கள் கமிஷன் போய்விடும். சொந்த நம்பரிலிருந்துதான் அனுப்புவோம். அதனால் பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து நல்ல வேலையையும் தள்ளிவிட வேண்டாம்.

ஆனால் உண்மையில் ஆள் எடுப்பவனிடம் இரண்டு கேள்விக்குப் பதில் இருக்கும். ஒன்று, நீங்கள் யார், உங்கள் ஆபீஸ் எங்கே? கம்பெனி பெயரை மறைப்பவன்கூடத் தன் கன்சல்டன்சி பெயரை மறைக்கமாட்டான். இன்னொன்று, இது கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா, எந்த ஷிப்ட்? இதைக் கேட்டதும் "முதலில் டாக்குமென்ட் அனுப்புங்க சார், ஸ்லாட் முடியுது" என்று பேச்சை மாற்றினால் அங்கே வேலை கிடையாது.

இன்டர்வியூவுக்குக் கூப்பிடும் முன் எனக்குத் தேவை ரெஸ்யூமே மட்டும்தான். ஆதார் பி.எஃப். கணக்குக்கு, பான் வரிப் பிடித்தத்துக்கு, பாஸ்புக் சம்பளம் போட. மூன்றும் வேலை உறுதியான பிறகு வருபவை. முதல் நாளே கேட்பவனுக்கு உங்களை வேலைக்கு எடுக்கும் எண்ணம் இல்லை, உங்கள் பெயர்தான் வேண்டும்.

அவன் கொடுத்த பெயரை வைத்தே அவனைச் சரிபார்ப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

எங்களிடம் வந்துபோன ஒரு டிப்ளமோ பையன். இதே மாதிரி மெசேஜ். உஷாராக, "எந்தக் கம்பெனி சார்?" என்று கேட்டிருக்கிறான். பத்து நிமிஷத்தில் ஒரு பிடிஎஃப் வந்தது. எல்லாருக்கும் தெரிந்த ஒரு கம்பெனியின் லெட்டர்பேட், முத்திரை, அடியில் கம்பெனிப் பதிவு எண்ணான சிஐஎன், ஜிஎஸ்டி எண். பையன் mca.gov.in போய் சிஐஎன்னைப் போட்டுப் பார்த்தான். கம்பெனி இருக்கிறது, நடப்பில் இருக்கிறது. gst.gov.in-ல் பார்த்தான், அதுவும் பொருந்துகிறது. எல்லாம் சரி என்று ஆதார், பான், வீட்டு கரண்ட் பில் வரை அனுப்பினான். "வெரிஃபிகேஷன்" என்று கேட்ட ஓடிபியையும் சொன்னான். எட்டு மாதம் கழித்து, அவன் பெயரில் நடக்கும் ஏதோ ஒரு இரும்புக்கடை வரி கட்டவில்லை என்று நோட்டீஸ் வந்தது. அவன் வாழ்க்கையில் கடை வைத்ததே இல்லை.

அவன் பார்த்ததில் எதுவும் பொய்யில்லை, கேட்ட கேள்விதான் தப்பு. கம்பெனி இருக்கிறதா என்று பார்த்தான். இந்த ஆள் அந்தக் கம்பெனி ஆளா என்று பார்க்கவில்லை. சிஐஎன் 21 எழுத்தும் எண்ணும் கொண்டது. நடுவில் TN என்று மாநிலமும் அடுத்துப் பதிவான வருஷமும் இருக்கும். கம்பெனியின் வெப்சைட்டிலோ ஏதாவது ஒரு பில்லிலோ யாரும் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். திருடன் என் வீட்டு விலாசத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் அவன் என் தம்பி ஆகிவிடுவானா?

நான் செய்வது இப்படி. அவன் அனுப்பிய லிங்க், நம்பர், மெயில் எதையும் தொடமாட்டேன். கம்பெனி வெப்சைட்டை நானே தேடிப் பிடிப்பேன். அதில் உள்ள மெயில் முகவரியில் @-க்குப் பிறகு என்ன வருகிறது என்று குறித்துக்கொள்வேன். மோசடிக்காரர்கள் கம்பெனி பெயரோடு -hr, -careers என்று ஒரு வால் ஒட்டிப் புது வெப்சைட் வாங்கி வைத்திருப்பார்கள். கண் ஏமாறுவது அங்கேதான்.

அடுத்து அவனிடம், "உங்க கம்பெனி மெயில் ஐடி சொல்லுங்க, நானே அனுப்புறேன்" என்பேன். நான் குறித்துவைத்த முகவரியோடு அது பொருந்தினால் ஒரு மெயில் போடுவேன். அதில் "புளியமரம் 47" மாதிரி சம்பந்தமில்லாத ஒரு சொல் இருக்கும். அது என்ன சொல் என்று வாட்ஸ்அப்பில் திருப்பிக் கேட்பேன். அந்த மெயில் பெட்டியைத் திறக்க முடிந்தவனால்தான் பதில் சொல்ல முடியும். அவன் உங்களுக்கு மெயில் அனுப்புவதை மட்டும் நம்பாதீர்கள். அனுப்புநர் பெயரைப் போலியாகக் காட்ட முடியும், அடுத்தவர் பெட்டிக்கு வந்ததைப் படிக்க அவ்வளவு சுலபமாக முடியாது.

கன்சல்டன்சி என்றால் இது பலிக்காது. நாங்களே பாதிப் பேர் ஜிமெயிலில் இருக்கிறோம். அப்போது ரெஸ்யூமேயோடு நிறுத்திக்கொண்டு, ஆபீஸுக்கு நேரில் போங்கள். இன்டர்வியூ என்று தொழிற்சாலைக்கே வரச் சொன்னால் முந்தின நாளே கம்பெனியின் பொது நம்பருக்குப் போன் செய்து, நாளைக்கு இந்த வேலைக்கு இன்டர்வியூ இருக்கிறதா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். உண்மையான இன்டர்வியூ என்றால் பெரும்பாலும் கேட் செக்யூரிட்டியிடம் பெயர்ப் பட்டியல் போயிருக்கும்.

ரெஸ்யூமேதானே என்று நினைப்பது

நம் ஊர் பயோடேட்டாவில் அப்பா பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம், கடைசியில் ஒரு உறுதிமொழி, அதன் கீழே கையெழுத்து. என்னுடையதில் பாஸ்போர்ட் நம்பரும் இருந்தது. ஏன் போட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. தெரியாத நம்பருக்கு அனுப்ப ஒரு தனிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்: பெயர், ஊர், போன், படிப்பு, அனுபவம். போதும்.

ஓடிபி

எந்த எச்.ஆருக்கும் தேவையில்லை.

வெளிநாட்டு வேலை

அரசின் emigrate.gov.in-ல் பதிவான ஏஜென்ட் பட்டியலில் பெயர் இல்லாதவனுக்குப் பாஸ்போர்ட் நகல்கூடப் போகக் கூடாது.

அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பது

gst.gov.in-ல் பான் எண்ணை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது. உங்கள் பானில் ஜிஎஸ்டி பதிவு ஏதும் இருந்தால் காட்டிவிடும். அந்த டிப்ளமோ பையன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைப் பார்த்திருந்தால் நோட்டீஸுக்கு முன்பே தெரிந்திருக்கும். sancharsaathi.gov.in-ல் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். ஆதாரின் கைரேகைப் பூட்டை யுஐடிஏஐ தளத்தில் போட்டுவிடலாம். பணமே போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். டாக்குமென்ட் மட்டும் என்றாலும் cybercrime.gov.in-ல் புகார் பதிந்து அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நோட்டீஸ் வந்தால், எந்தத் தேதியிலேயே சொல்லிவிட்டேன் என்று காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

போன வாரப் பையனை உட்காரவைத்து இவ்வளவையும் செய்ய வைத்தேன். அந்த நம்பரிடம் ஆபீஸ் எங்கே என்று கேட்கச் சொன்னேன். இரண்டு நீல டிக் வந்தது, பிறகு டிபி படம் காணாமல் போனது.