ப்ரொபோசல் ஃபாரமில் ‘இல்லை’ என்று எழுதும் முன்

பெயர், பிறந்த தேதி எழுதுவதில் வரும் பிழைகளை விடுங்கள், அவற்றைத் திருத்திக்கொள்ளலாம். புதிதாக வரும் ஏஜென்ட்கள் ஆயுள் காப்பீட்டுப் படிவத்தின் உடல்நலப் பக்கத்தில் கேள்வியைப் படிக்காமலே வரிசையாக ‘இல்லை’ போடுவதைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

“சுகர் கன்ட்ரோல்ல இருக்கே, எதுக்கு எழுதணும்?”

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது. அவர் நான்கு வருடமாகச் சுகர் மாத்திரை சாப்பிட்டவர். எழுதினால் மெடிக்கல் டெஸ்ட் வரும், பிரீமியம் கூடும் என்று சொல்லி ஏஜென்ட் ‘இல்லை’ போட்டுவிட்டார். பத்து லட்ச ரூபாய் பாலிசி. இரண்டாவது வருடத்தில் மாரடைப்பு. அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் கேட்டதும், “நாலு வருஷமா சுகர் இருக்கு” என்று மனைவி உள்ளதைச் சொன்னார். அது கேஸ் ஷீட்டில் ஏறியது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

மூன்று வருடத்துக்குள் வரும் மரண கிளைமை நிறுவனம் விசாரிக்காமல் விடாது. ஆஸ்பத்திரி கேஸ் ஷீட், பழைய மருந்துச் சீட்டு எல்லாம் வாங்கிப் பார்ப்பார்கள். இங்கே அந்த ஒரு வரி போதுமாக இருந்தது, கிளைம் நிராகரிக்கப்பட்டது. மோசடி என்று சொல்லாமல் தகவலை மறைத்ததாக மட்டும் முடிவு செய்ததால், கட்டிய பிரீமியம் திரும்பி வந்தது. மோசடி என்று முடிவாகியிருந்தால் அதுவும் வந்திருக்காது. முதலிலேயே உண்மையை எழுதியிருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனையும் கொஞ்சம் கூடுதல் பிரீமியமும் கேட்டிருப்பார்கள். மறுத்திருந்தால்கூட வேறு நிறுவனத்தைப் பார்த்திருக்கலாம்.

மாத்திரையால் கட்டுக்குள் இருக்கும் நோயும் நோய்தான். எந்த வருடம் தெரிந்தது, என்ன மாத்திரை, கடைசிப் பரிசோதனை எப்போது, இந்த மூன்றையும் எழுதுங்கள்.

“மூணு வருஷம் தாண்டிட்டா கேட்க மாட்டாங்க”

காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு, அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த மூன்று வருடம் வரை உயிரோடு இருப்போம் என்று யார் உறுதி சொல்வது? அப்புறம், பாலிசி லேப்ஸ் ஆகிப் புதுப்பித்தால் புதிதாக உடல்நல அறிக்கை தர வேண்டிவரலாம். மூன்று வருடக் கணக்கும் அந்தத் தேதியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும்.

புகையிலை

கேள்வி சிகரெட்டைப் பற்றி மட்டும் இல்லை. வெற்றிலையோடு போடும் புகையிலையும் ஹான்ஸும் இதில் சேரும். விட்டுவிட்டவர் எப்போது விட்டார் என்று எழுத வேண்டும்.

குடி

எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று எழுதுங்கள். ‘எப்போதாவது’ போதாது.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து

போடவே கூடாது.

பாலிசி பத்திரம் கைக்கு வந்ததும், கூடவே வரும் ப்ரொபோசல் நகலைப் படியுங்கள். ஏஜென்ட் தவறாக எழுதியிருந்தால் உடனே கடிதம் கொடுத்துத் திருத்தி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பாலிசியே வேண்டாம் என்று தோன்றினால், பத்திரம் வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.