தம்பியின் மேட்ரிமோனி ப்ரொஃபைலைப் பார்த்து, மனம் நோகாமல் கருத்துச் சொல்வது எப்படி?

வரன் தேடும் தம்பியோ தோழியோ போனை நீட்டி, "இது நல்லாருக்கா, பாரு" என்று கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள். பணகுடிப் பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கும் 29 வயதுத் தம்பி ஒருவனை உதாரணமாக வைத்துக்கொண்டு, எதை எந்த வரிசையில் சொல்வது என்று பார்ப்போம்.

முதலில் இரண்டு கேள்வி. "இதை யார் எழுதினா?", "எல்லாத்தையும் பாக்கணுமா, போட்டோ மட்டுமா?" பல வீடுகளில் ப்ரொஃபைலை எழுதியது அம்மாவாகவோ மதினியாகவோ இருக்கும். அது தெரியாமல் குறை சொன்னால் இரண்டு பேர் மனம் நோகும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கருத்துச் சொல்லவே கூடாது. பெரியப்பா, சித்தி எல்லாரும் பார்க்கிற இடத்தில் எந்த நல்ல வார்த்தையும் அவமானமாகத்தான் படும். அவனும் நீங்களும் மட்டும் இருக்கும்போது நேரில் பேசுங்கள்.

அடுத்து, பெண் வீட்டார் கண்ணால் பாருங்கள். அவர்களுக்கு முதலில் தெரிவது சின்னப் படம், வயது, ஊர், வேலை, இவ்வளவுதான். அரை நிமிடம் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வையுங்கள். நினைவில் நின்றதை ஒரு தாளில் எழுதுங்கள். நம் தம்பி விஷயத்தில் நிற்பது 'கூலிங் கிளாஸ், பைக், பிரைவேட் கம்பெனி.' இந்தத் தாளை அவனிடமே காட்டலாம். "நீ இப்படி" என்று சொல்வதைவிட "எனக்கு இதுதான் தெரிஞ்சுது" என்பது வலிக்காது. அது உண்மையும்கூட.

இப்போது எழுதியதை இரண்டாகப் பிரியுங்கள். மாற்ற முடிந்தது ஒரு பக்கம்: படம், வாசகம், விடுபட்ட விவரம். மாற்ற முடியாதது மறுபக்கம்: நிறம், முடி, உயரம், சம்பளம். இரண்டாவது பக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். "கொஞ்சம் எடை குறைச்சிட்டுப் போட்டோ எடு" என்பது கருத்தே இல்லை, காயம்.

போட்டோ. மனம் அதிகம் நோகும் இடம் இது. அதனால் குறையைச் சொல்லாமல், வேறு படத்தைத் தேர்ந்து கொடுங்கள். ஐந்தருவியில் நாலு நண்பர்களோடு நிற்கும் படத்தில் மாப்பிள்ளை யார் என்றே தெரியாது. ஸ்டூடியோவில் முகத்தை வெளுப்பாக்கிய படம், நேரில் பார்க்கும் நாளில் அவனுக்கே சங்கடம் தரும். அவன் கேலரியை நீங்களே புரட்டிப் பாருங்கள். கண் தெரிய, இயல்பாகச் சிரிக்கிற படம் ஒன்று கிடைக்கும். "ஏலே, இந்த நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்துல எடுத்தது இருக்கே, இதுலதான் நீ நீயா இருக்க. இத முதல்ல வை" என்றால் போதும். அப்படி எதுவும் கிடைக்காவிட்டால், காலை வெளிச்சத்தில் வாசலில் நிற்கவைத்து நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

வாசகம். 'நான் எளிமையானவன், அன்பானவன், குடும்பத்தை மதிப்பவன்' என்று எழுதியிருக்கிறான். தப்பில்லை, ஆனால் பக்கத்துப் ப்ரொஃபைலிலும் அதேதான் இருக்கும். திருத்தப் போகாதீர்கள், கேள்வி கேளுங்கள். "காத்து சீசன்ல வீட்டுக்கு எப்ப வருவ?" "லீவு நாள்ல என்ன செய்வ?" அவன் சொல்வதை அவன் வாயில் வந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் இப்படி வரும்:

'பணகுடி அருகே காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். ஆனி, ஆடியில் காற்று பலமாக இருக்கும்போது வேலை அதிகம், வீட்டுக்கு வர இரவாகும். மற்ற மாதங்களில் ஞாயிறு சமையல் என் பொறுப்பு. கல்யாணத்துக்குப் பிறகு பாளையங்கோட்டையில் குடியிருக்க நினைக்கிறேன்.'

வேலை நேரமும் குடியிருக்கும் ஊரும் பெண் வீட்டார் எப்படியும் கேட்கப்போகிறவை. சொன்னதெல்லாம் அவனுடைய வார்த்தை என்பதால் வருத்தப்படவும் இடமில்லை.

கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 5 அடி 6 அங்குலம் இருப்பவன் 5 அடி 8 என்று போட்டிருந்தால், சம்பளத்தைக் கூட்டிப் போட்டிருந்தால், விட்டுவிடக் கூடாது. நம்ம பக்கத்தில் பெண் வீட்டார் ஆபீஸ் வரைக்கும் விசாரிப்பார்கள். இதை மற்றக் கருத்துகளோடு கலக்காமல் தனியாக, சுருக்கமாகச் சொல்லுங்கள்: "உயரத்த மட்டும் சரியா போட்டுரு தம்பி. பின்னால தெரிஞ்சா மத்ததையும் நம்ப மாட்டாங்க." காரணம் கேட்டு நோண்ட வேண்டாம்.

ஒரு நாளில் இரண்டு மூன்று விஷயத்துக்கு மேல் வேண்டாம். "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டிக்கொண்டே போனைத் திரும்ப வாங்கிக்கொண்டால், அவனுக்குப் போதும் என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திவிட்டு மிச்சத்தை இன்னொரு நாள், அவனே கேட்டால், சொல்லலாம். கூலிங் கிளாஸ் படம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மூன்றாவது படமாக இருந்துவிட்டுப் போகட்டும், முதல் படத்தில் கண் தெரிந்தால் சரி.