‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று ஸ்கிரிப்ட்டில் எழுதுமுன்

பாக்கு மட்டைத் தட்டு, மூங்கில் பிரஷ், துணிப்பை, சோளமாவுப் பை விற்கும் ஒரு சிறிய கடை, ஒரு நிமிட ரீல் எடுக்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக எழுதப்படும் ஸ்கிரிப்ட் இப்படித்தான் இருக்கும்:

“பூமியைக் காப்பது நம் கடமை! எங்களிடம் இருப்பது எல்லாமே நூறு சதவீதம் இயற்கை, சுற்றுச்சூழலுக்கு உகந்தது. தட்டு, பிரஷ், பை எல்லாமே மண்ணில் மக்கும். பிளாஸ்டிக் துளியும் கிடையாது, ரசாயனம் துளியும் கிடையாது. பிளாஸ்டிக் பையைவிட எங்கள் துணிப்பை பல மடங்கு நல்லது. இன்றே வாங்குங்கள், ஒரு மரத்தைக் காப்பாற்றுங்கள்!”

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆதாரம் கேட்டால் இதில் ஒரு வரிக்கும் கடைக்காரரிடம் காகிதம் இருக்காது. சில வரிகள் நேரடியாகவே தவறு.

ஆதாரம் யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் இதற்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பசுமை, இயற்கைக்கு உகந்தது, பூமிக்கு நல்லது, நீடித்த வளர்ச்சி மாதிரியான பொதுச் சொற்களை விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் விளம்பரத்தில் போடக்கூடாது என்பது அதன் சாரம். தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் தடவையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைத் தயாரிப்பாளருக்கும், விளம்பரத்தில் வந்து பரிந்துரைப்பவருக்கும் விதிக்கலாம். ‘நான் வாங்கி விற்பவன்தானே’ என்று தப்பிப்பதும் கஷ்டம். யாரோ செய்த தட்டில் உங்கள் கடைப் பெயரை ஒட்டி விற்றால், சட்டத்தின் பார்வையில் நீங்களும் தயாரிப்பாளர். காசு வாங்கிக்கொண்டு ரீலில் பேசும் இன்ஸ்டாகிராம் பிரபலத்துக்கும் இது பொருந்தும்.

சரி, ஸ்கிரிப்ட்டுக்கு வருவோம்.

முதல் தவறு, கடை முழுவதற்கும் ஒரே வாக்கியம் எழுதுவது. ‘எல்லாமே’ என்ற சொல்லை அடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். உகந்தது என்றால் எது உகந்தது? பொருளா, அதைச் செய்த விதமா, சுற்றி வரும் உறையா, பயன்படுத்திய பிறகு தூக்கிப் போடும்போதா? வழிகாட்டு நெறிகளும் இதைத்தான் கேட்கின்றன. பாக்கு மட்டைத் தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மரத்திலிருந்து தானாக விழுந்த மட்டையைக் கழுவி, காயவைத்து, சூடான அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு வந்துவிடுகிறது. பசை வேண்டாம், மேற்பூச்சு வேண்டாம். சேலம் மாவட்டத்தில் வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கம் போனால் பாக்குத் தோப்புகளை நிறையப் பார்க்கலாம். ஆனால் அந்தத் தட்டை 25 எண்ணிக்கையில் அடுக்கிப் பிளாஸ்டிக் உறை போட்டுத்தான் பல இடங்களில் அனுப்புகிறார்கள். அப்போது ‘பிளாஸ்டிக் துளியும் கிடையாது’ என்ற வரி, பார்சலைப் பிரித்த நொடியே பொய்யாகிவிடும். ‘தட்டில் பிளாஸ்டிக் பூச்சு இல்லை’ என்று எழுதினால் அது தட்டைப் பற்றி மட்டுமே பேசும். பூச்சு இல்லை என்று தயாரிப்பாளரிடம் எழுதி வாங்கிக்கொண்டால் ஆதாரமும் கையில் இருக்கும்.

பகுதியைக் காட்டி முழுசைச் சொல்வதும் இதே வகைதான். மூங்கில் பிரஷ் இதற்கு நல்ல உதாரணம். கைப்பிடி மூங்கில், சரி. பல்லில் படும் நார்? பெரும்பாலான மூங்கில் பிரஷ்களில் அது நைலான். சிலர் ஆமணக்கு எண்ணெயை மூலப்பொருளாகச் சேர்த்த நைலான் என்பார்கள். இருக்கலாம், ஆனால் செடியிலிருந்து வந்த பிளாஸ்டிக் எல்லாம் மக்கும் பிளாஸ்டிக் ஆகிவிடாது. எதிலிருந்து செய்தார்கள் என்பது வேறு, மண்ணில் என்ன ஆகும் என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்தத் துறையில் அடிக்கடி பார்க்கும் பிழை. பிரஷ்ஷுக்கு எழுத வேண்டிய வரி இது: “கைப்பிடி மூங்கில், நார் நைலான். பிரஷ் தேய்ந்த பிறகு நாரைக் குறடால் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, கைப்பிடியை மட்டும் உரக்குழியில் போடுங்கள்.” இப்படி உடைத்துச் சொன்னால் வாங்க மாட்டார்கள் என்று கடைக்காரர்கள் பயப்படுவார்கள். என் அபிப்பிராயத்தில், குறடு விஷயத்தைச் சொல்லும் கடையைத்தான் ஆட்கள் நம்புகிறார்கள்.

அடுத்தது ‘மக்கும்’. நான்கு எழுத்துதான், தொல்லை நிறைய. எங்கே, என்ன சூழலில், எவ்வளவு காலத்தில் என்பது சேராவிட்டால் இந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை. சோளமாவுப் பை என்று விற்பதைக் கவனியுங்கள். அதன் பின்னால் இருப்பது, மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐ.எஸ். 17088 என்ற இந்தியத் தரம். அதில் கேட்கும் சோதனை, சுமார் 58 டிகிரி சூட்டில் வைத்திருக்கும் உரக்கலவையில், 180 நாளுக்குள் அந்தப் பொருளின் கார்பனில் 90 சதவீதமாவது கரியமில வாயுவாக மாற வேண்டும் என்பது. அந்தச் சூட்டைத் தொடர்ந்து தக்கவைப்பது பெரிய உரத் தொழிற்கூடங்களில்தான் முடியும். மாடியில் வைத்திருக்கும் உரத்தொட்டி அவ்வளவு சூடாகாது. ஏரிக்கரையில் வீசிய பைக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஆக, சோதனையில் உண்மையிலேயே தேறிய பையைக்கூட ‘மண்ணில் மக்கும்’ என்று ரீலில் சொன்னால் அது தவறான தகவல்தான்.

இந்தப் பைகளுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற்ற தயாரிப்பாளர் செய்ததாக இருக்க வேண்டும், அவர் பெயரும் சான்றிதழ் எண்ணும் பையிலேயே அச்சாகியிருக்க வேண்டும். 2024-ல் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளைத் திருத்தியபோது, தொழிற்கூட உரமாக்கலில் மட்டுமே மக்கும் என்று பையில் குறிப்பிடவும் சொன்னார்கள். ஸ்கிரிப்ட் எழுதுபவர் செய்ய வேண்டிய முதல் வேலை, கடையிலிருந்து ஒரு பையைக் கையில் வாங்கி அதில் என்ன அச்சாகியிருக்கிறது என்று படிப்பது. எண் இல்லையா? அந்தப் பையை ஸ்கிரிப்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். முடிந்தால் அலமாரியிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள்.

பாக்கு மட்டைத் தட்டின் கதை வேறு. அது வெறும் செடிப் பொருள், வீட்டு உரக்குழியிலேயே மக்கிவிடும். ஆனாலும் ‘60 நாளில் மக்கும்’ என்று இணையத்தில் பார்த்த எண்ணை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அந்த எண் யாருடைய குழியில், எந்தப் பருவத்தில் கிடைத்தது? கடைக்காரரே செய்து பார்க்கலாம். தட்டைத் துண்டாக்கி ஒன்றும், முழுசாக ஒன்றும் உரக்குழியில் புதைத்து, வாரம் ஒரு தடவை தேதி தெரியும்படி படம் எடுத்து வைக்கட்டும். குறிப்பிட்ட கூற்றுகளுக்கு, சரிபார்க்கக்கூடிய சொந்தச் சோதனையையும் வழிகாட்டு நெறிகள் ஆதாரமாக ஏற்கின்றன. அந்தப் படங்களையே ரீலிலும் போடலாம். ‘எங்கள் தோட்டத்து உரக்குழியில் இத்தனை வாரத்தில் இப்படி ஆனது’ என்ற வரியை யாரும் மறுக்க முடியாது, ஏனென்றால் அது சொல்வதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

‘ரசாயனம் துளியும் கிடையாது’ என்ற வரியை எங்கே பார்த்தாலும் அடித்துவிடுங்கள். பாக்கில் இயற்கையாகவே அரிகோலைன் போன்ற ஆல்கலாய்டு வகை ரசாயனங்கள் உண்டு. மட்டையிலிருந்து அவை உணவில் கலக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025-ல் பாக்கு மட்டைத் தட்டுகளைப் பற்றி எச்சரித்தது. ஏற்றுமதி செய்பவர்கள் அதைத் தனியாகப் படிக்க வேண்டும். இயற்கையானது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது என்பதற்கு இந்த ஒன்று போதும். ‘மேற்பூச்சோ பசையோ சேர்க்கவில்லை’ என்று, எது இல்லை என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

ஒப்பீட்டில் கொஞ்சம் நிதானம் வேண்டும். துணிப்பை பிளாஸ்டிக் பையைவிட நல்லதா? பதில் பையில் இல்லை, எத்தனை தடவை பயன்படுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. பருத்தி விளைவிக்கத் தண்ணீர், உரம், நெய்ய மின்சாரம் எல்லாம் செலவாகிறது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வில், புவி வெப்பமாதலை மட்டும் கணக்கில் எடுத்தால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாகவே ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும் என்று வந்தது. அது அந்த நாட்டுக் கணக்கு, நம் ஊர் எண் மாறும். தெருவில் பறக்கும் குப்பையும், சாக்கடை அடைப்பும், மாட்டின் வயிற்றில் போகும் பிளாஸ்டிக்கும் அந்த எண்ணில் இல்லை. தமிழ்நாடு 2019 ஜனவரியில் தடை கொண்டுவந்ததும், அப்புறம் மஞ்சப்பையைத் திரும்ப எடுக்கச் சொன்னதும் இந்தக் குப்பைக்காகத்தான். ஆகவே ‘பல மடங்கு நல்லது’ வேண்டாம். எதில் நல்லது, எப்போது நல்லது என்று சொல்லுங்கள்.

மரத்தைக் காப்பாற்றும் வரியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. துணிப்பை வாங்குவதால் எந்த மரமும் தப்பவில்லை. வெட்டிவிடுங்கள்.

படத்தையும் பாருங்கள். பேச்சைத் திருத்திவிட்டு, மூலையில் பச்சை இலை முத்திரையை அப்படியே விட்டுவிடுவார்கள். சான்றிதழ் மாதிரித் தெரியும் சொந்த முத்திரையும் ஒரு கூற்றுதான். முக்கிய நிபந்தனையைப் பேசாமல் அடியில் பொடி எழுத்தில் போடுவதும் கூடாது. போனில் அதை யாரும் படிக்கப்போவதில்லை. விவரமான ஆதாரத்துக்கு க்யூஆர் கோடு அல்லது இணைப்புத் தரலாம்.

இனி திருத்திய ஸ்கிரிப்ட்:

“இந்தத் தட்டு, விழுந்த பாக்கு மட்டையைக் கழுவி அச்சில் அழுத்தியது. பசை, பூச்சு சேர்க்கவில்லை. எங்கள் உரக்குழியில் என்ன ஆனது என்று நீங்களே பாருங்கள். இந்த பிரஷ்ஷுக்குக் கைப்பிடி மட்டும் மூங்கில், நார் நைலான். எறியும் முன் நாரைப் பிடுங்கிவிடுங்கள். துணிப்பை ஒன்று வாங்கினால் போதும், கிழியும்வரை அதையே எடுத்துப் போங்கள். வீட்டில் ஏற்கெனவே பை இருந்தால் இது வேண்டாம். ஆதாரங்கள் கீழே இணைப்பில் இருக்கின்றன.”

சோளமாவுப் பை இதில் இல்லை. வாங்குபவரின் ஊரில் தொழிற்கூட உரமாக்கல் இருக்கிறதா என்பது கடைக்குத் தெரியாததால் விட்டுவிட்டோம். ரீலுக்குக் கீழே அதைப் பற்றிக் கேள்வி வரும், அதற்கான பதிலையும் ஸ்கிரிப்ட்டோடு சேர்த்தே எழுதிக் கொடுங்கள். ‘வீட்டுத் தொட்டியில் போட்டால் மக்குமா அண்ணா?’ என்று ஒருவர் கேட்டால், கடையில் போன் பார்க்கும் பையன் பழக்கத்தில் ‘மக்கும்’ என்று அடித்துவிடுவான். அதுவும் விளம்பரத்தில் சேர்த்திதான். “வீட்டுத் தொட்டியில் முழுசா மக்காதுங்க, அதுக்குத் தேவையான சூடு அங்க கிடைக்காது. உரத் தொழிற்கூடத்துக்குப் போனால்தான் மக்கும். உங்க ஊரில் அப்படி ஒன்று இருக்கான்னு நகராட்சியில் கேட்டுட்டு வாங்குங்க” என்று ஒரு பதிலை முன்கூட்டியே தட்டச்சு செய்து அவன் போனில் சேமித்து வையுங்கள்.