கறி தோசை ரீலில் நான் மாற்றியது

மதுரையில் ஒரு ராத்திரிக் கடையில் கறி தோசை ரீல் எடுத்தேன். 30 நொடி. கடைப் பலகையைக் காட்டி, ‘சுவையான மதுரை கறி தோசை’ என்று பேசியிருந்தேன். 3 நொடிக்குள் பாதிப் பேர் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள்.

‘சுவையான’ என்ற சொல்லுக்கு நாக்கு ஊறாது. அதை எடுத்துவிட்டு, கல்லில் முட்டை விழுந்து பொரியும் சத்தத்தில் தொடங்கினேன். முதல் 2 நொடி பேச்சே இல்லை. அப்புறம் வரும் பேச்சை இப்படி எழுதினேன்: “தடிமனா மாவு. மேல முட்டை. அதுக்கு மேல மிளகு மணக்கிற கறி. ஓரத்துல எண்ணெய். இப்ப திருப்புறாரு...”

முதலில் எல்லாக் காட்சியையும் ஒவ்வொரு நொடியாக வெட்டி வைத்தேன். பட்டியல் வாசிப்பது போல இருந்தது. சரி என்று மாவு, முட்டை, கறியை மட்டும் வேகமாக வெட்டி, திருப்பும் இடத்தை 4 நொடி வெட்டாமல் விட்டேன். கறிப்பக்கம் கல்லில் பட்டுச் சீறும்போது குரலும் பாட்டும் நின்றுவிடும். அந்தச் சத்தத்துக்காக போனைக் கல்லருகே வைத்துத் தனியாகப் பதிவு செய்தேன். தூரத்தில் எடுத்தால் தெருவின் ஹாரன்தான் கேட்கும்.

கடைசிக் காட்சி, பிய்த்த துண்டில் சால்னா ஊறுவது. கடைப் பெயர் அதன் மேல்தான் வந்தது.